20 ஆண்டுச் சம்பளத்தை ஒரே தொகையாக மாற்றும்போது கணக்கு எங்கே சறுக்குகிறது

விபத்தில் காயம்பட்டு, இனி வரவேண்டிய சம்பளத்துக்கு ஒரே தொகையாக இழப்பீடு கேட்டு வழக்குப் போட்ட, லேத் இயந்திரம் இயக்கும் ஒரு தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். விபத்து நடந்தபோது வயது 38. வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. தீர்ப்பு வரும்போது வயது 40. பழைய வேலையில் இருந்திருந்தால் வரி போக இன்று ஆண்டுக்கு 6 லட்சம் வாங்கியிருப்பார். இப்போது கிடங்கில் சரக்குக் கணக்கு எழுதுகிறார், ஆண்டுக்கு 2.4 லட்சம் வருகிறது. இழப்பு ஆண்டுக்கு 3.6 லட்சம். 60 வயதுவரை வேலை செய்திருப்பார் என்று வைத்தால் இன்னும் 20 ஆண்டு இருக்கிறது. எந்த நாட்டுப் பணமாக வைத்துக்கொண்டாலும் கணக்கின் போக்கு ஒன்றுதான்.

இந்த 3.6 லட்சத்துக்கு வந்து சேர்வதிலேயே முதல் சறுக்கல் இருக்கிறது. மருத்துவச் சான்றில் "35 சதவீத ஊனம்" என்று இருக்கும். உடனே 6 லட்சத்தில் 35 சதவீதம், அதாவது 2.1 லட்சம்தான் இழப்பு என்று எதிர்த்தரப்பு எழுதிவிடும். சான்று சொல்வது கையின் ஊனத்தை. அந்தக் கை இல்லாமல் அந்தத் தொழிலில் எவ்வளவு சம்பாதிக்க முடியும் என்பது வேறு கேள்வி. லேத்காரருக்கு இழப்பு 60 சதவீதம். இதே காயம் ஒரு பள்ளி ஆசிரியருக்கு ஏற்பட்டிருந்தால் வருமான இழப்பு ஏறக்குறைய இல்லாமலே போகலாம். ஆகவே சான்றின் சதவீதத்தைத் தள்ளிவைத்துவிட்டு, விபத்து இல்லாவிட்டால் என்ன வந்திருக்கும், இனி என்ன வரும் என்று இரண்டு வருமானங்களையும் தனித்தனியே எழுதிக் கழிப்பதே சரி. இரண்டுமே தீர்ப்பு நாளின் சம்பள மட்டத்தில் இருக்க வேண்டும். விபத்து நடந்த நாளின் சம்பளச் சீட்டை அப்படியே எடுத்துவைத்தால் இடையில் வந்த ஊதிய உயர்வுகள் சத்தமில்லாமல் தொலைந்துபோகும்.

விபத்துக்கும் தீர்ப்புக்கும் இடைப்பட்ட இரண்டு ஆண்டு இழப்பு தனிக் கணக்கு. அது ஏற்கெனவே கைவிட்டுப் போன பணம். அதில் எதையும் கழிக்கக் கூடாது, தாமதத்துக்கான வட்டிதான் சேர வேண்டும். கழிவு என்ற பேச்சே தீர்ப்பு நாளுக்குப் பிறகு வரவேண்டிய பணத்துக்கு மட்டும்.

ஏன் கழிக்க வேண்டும்? பத்தாம் ஆண்டில் வரவேண்டிய பணத்தை இன்றே கையில் கொடுத்தால், அவர் அதைப் பத்து ஆண்டு வட்டிக்குப் போட்டு வைக்கலாம். அந்த வட்டியையும் சேர்த்து அவருக்கு இழப்பு ஈடாக வேண்டும், அதற்கு மேல் வேண்டாம். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் ஒரே வழக்கில் இரு தரப்பும் கொண்டுவரும் தொகைகளைப் பாருங்கள். வாதித் தரப்பு, ஆண்டுக்கு 5 சதவீதம் சம்பளம் உயரும் என்று வைத்து 20 ஆண்டுக்கும் கூட்டி, கழிவே இல்லாமல் 125 லட்சம் கேட்கும். பிரதிவாதித் தரப்பு, 3.6 லட்சத்தை 20 ஆண்டும் அசையாமல் வைத்து, 7 சதவீத வட்டியில் கழித்து, 38.1 லட்சம் போதும் என்னும். இரண்டிலும் கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. இரண்டுமே தவறான விடை.

வாதித் தரப்பின் தவறு வெளிப்படையானது, வட்டியையே மறந்துவிட்டது. பிரதிவாதித் தரப்பின் தவறுதான் கண்ணுக்குத் தப்பும். வங்கி 7 சதவீதம் தருவதற்கு ஒரு காரணம், விலைவாசி உயரும் என்று எல்லோரும் எதிர்பார்ப்பது. அதே விலைவாசிதான் சம்பளத்தையும் உயர்த்துகிறது. வட்டியில் அந்த உயர்வை ஏற்றுக்கொண்டு, சம்பளத்தில் அதை மறுத்தால், தராசின் ஒரு தட்டில் மட்டும் எடை வைத்ததாகிவிடும்.

இரண்டையும் சேர்த்துவைத்தால் மிஞ்சுவது நிகரக் கழிவு விகிதம். 1.07-ஐ 1.05-ஆல் வகுத்து 1-ஐக் கழித்தால் 0.01905, அதாவது ஏறத்தாழ 1.9 சதவீதம். 7-இலிருந்து 5 போனால் 2 என்று வாய்க்கணக்காகச் சொல்வதும் பெரிய குற்றமில்லை, வித்தியாசம் 1 சதவீதத்துக்குள் அடங்கும். 1.9 சதவீதத்தில், 20 ஆண்டுக்கு, ஆண்டுக்கு 1 வீதம் வரும் பணத்தின் இன்றைய மதிப்பு 16.50. நீதிமன்றத்தில் இதைப் பெருக்கெண் என்பார்கள், வக்கீல்கள் மல்டிபிளையர் என்றே சொல்வார்கள். 3.6-ஐ 16.50-ஆல் பெருக்கினால் 59.4 லட்சம்.

இந்த விடையை நீதிபதி நம்ப வேண்டுமானால் சூத்திரத்தைக் காட்டிப் பயனில்லை. ஆண்டுவாரிப் பேரேடு ஒன்று போட்டுக் காட்டுவதுதான் எடுபடும். தொடக்கத் தொகை, அதற்கு 7 சதவீத வட்டி, ஆண்டு இறுதியில் எடுக்கும் இழப்புத் தொகை (முதல் ஆண்டு 3.78 லட்சம், பிறகு ஆண்டுக்கு 5 சதவீதம் கூடும்), மீதி. இந்த நான்கு பத்திகள் போதும். பிரதிவாதியின் 38.1 லட்சத்தை இதில் போட்டால், 12-ஆம் ஆண்டு இறுதியில் எடுக்க வேண்டிய தொகைக்கே சற்றுக் குறைகிறது. அதாவது 52 வயதில் பெட்டி காலி, இன்னும் 8 ஆண்டு பாக்கி. 59.4 லட்சத்தைப் போட்டால் 20-ஆம் ஆண்டு இறுதியில் மீதி பூஜ்யத்துக்கு வந்து நிற்கிறது. சரியான தொகைக்கு இலக்கணம் இதுதான். கடைசி நாளில் மிச்சமும் இருக்கக் கூடாது, கடனும் இருக்கக் கூடாது.

பேரேட்டில் ஒரு வேடிக்கையும் தெரியும். 59.41 லட்சம் முதல் ஆண்டு முடிவில் 59.79 ஆகும், அடுத்து 60.00, அடுத்து 60.04. நான்காம் ஆண்டில்தான் 59.86 என்று இறங்கத் தொடங்கும். "பணம் எடுத்த பிறகும் கூடிக்கொண்டு போகிறதே, அதிகம் கேட்கிறீர்கள்" என்ற வாதம் இங்கேதான் எழும். தொடக்கத்தில் ஏறுவது, பிற்கால ஆண்டுகளின் பெரிய சம்பளத்துக்காகச் சேரும் பணம். முழுப் பேரேட்டையும் கடைசி வரிவரை காட்டாமல் முதல் பக்கத்தை மட்டும் இணைத்துவிட்டால் இந்த வாதத்துக்கு நாமே இடம் கொடுத்ததாகும்.

எதிர்ப்புறத்திலும் ஒரு பிழை உண்டு. சம்பளத்தை 5 சதவீதம் உயர்த்திக்கொண்டு, விலைவாசி நீக்கிய உண்மை வட்டி என்று 2 சதவீதத்தில் கழிப்பார்கள். விலைவாசியை ஒருமுறை சம்பளத்தில் ஏற்றி, மறுமுறை வட்டியிலிருந்து இறக்கியாயிற்று. விடை 99 லட்சம் வரும். கண்டுபிடிக்கும் வழி எளிது. அறிக்கையில் உள்ள ஊதிய உயர்வு விகிதத்துக்குப் பக்கத்தில் "விலைவாசி உட்பட" என்று இருக்கிறதா, "விலைவாசி நீங்கலாக" என்று இருக்கிறதா பாருங்கள். வட்டி விகிதத்துக்குப் பக்கத்திலும் அதே சொல்தான் இருக்க வேண்டும்.

நிகர விகிதம் எவ்வளவு என்பதில் நீதிமன்றங்கள் ஒரே பாதையில் போகவில்லை. அமெரிக்காவின் அலாஸ்கா மாநில உச்ச நீதிமன்றம் 1967-இல், ஊதிய உயர்வும் வட்டியும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும் என்று கொண்டு கழிவையே விட்டுவிட்டது. நம் வழக்கில் அது 20 மடங்கு, 72 லட்சம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1983-இல், எல்லா வழக்குக்கும் இப்படிச் செய் என்று கட்டாயப்படுத்த மறுத்தது. விலைவாசி நீங்கலான விகிதத்தைப் பயன்படுத்தும் விசாரணை நீதிமன்றம் 1 முதல் 3 சதவீதத்துக்குள் ஒன்றைத் தேர்ந்து, ஏன் என்று விளக்கினால் அந்தத் தீர்ப்பை மாற்ற வேண்டியதில்லை என்றது. இங்கிலாந்தில் விகிதத்தை அரசே அறிவிக்கிறது. விபத்தில் உடல் முடங்கியவரைப் பங்குச் சந்தையில் துணிந்து முதலிடும் ஆளாகக் கருதக் கூடாது, விலைவாசியோடு சேர்ந்து உயரும் அரசுப் பத்திரத்தின் வருவாயைத்தான் பார்க்க வேண்டும் என்று 1998-இல் அந்நாட்டு மேலவை தீர்ப்பளித்ததன் தொடர்ச்சி அது. 2001-இல் 2.5 சதவீதமாக இருந்த விகிதம் 2017-இல் மைனஸ் 0.75 ஆனது. 2019-இல் மைனஸ் 0.25, 2025-இல் இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டுக்கும் பிளஸ் 0.5. நம் லேத்காரருக்கு 2.5 சதவீதத்தில் 56 லட்சம் கிடைக்கும், மைனஸ் 0.75-இல் 78 லட்சம். ஆள் அதே ஆள், காயம் அதே காயம். மைனஸ் விகிதத்தில் பெருக்கெண் ஆண்டுகளின் எண்ணிக்கையைவிடக் கூடுதலாக, 21.7 ஆக வருவதைப் பார்த்துத் தட்டச்சுப் பிழை என்று நினைத்துவிட வேண்டாம். பத்திரமான முதலீடு விலைவாசிக்கே ஈடு கொடுக்காத காலத்தில் கணக்கு அப்படித்தான் வரும்.

இந்தியாவில் நீதிபதியின் முன் கழிவு விகிதம் என்ற சொல்லே பெரும்பாலும் வராது. மோட்டார் வாகன விபத்து வழக்குகளுக்கு உச்ச நீதிமன்றம் 2009-இல் வயதுவாரிப் பெருக்கெண் அட்டவணையை நிலைப்படுத்தியது. 15 முதல் 25 வயதுவரை 18, பிறகு படிப்படியாக இறங்கி 36 முதல் 40 வரை 15, 65-ஐத் தாண்டினால் 5. சொல் இல்லாவிட்டாலும் விகிதம் உள்ளே ஒளிந்திருக்கிறது. விபத்து நாளில் 38 வயது, 60 வரை 22 ஆண்டு, பெருக்கெண் 15. 22 ஆண்டுக்கு 15 வர வேண்டுமானால் நிகர விகிதம் ஏறத்தாழ 3.6 சதவீதம் இருக்க வேண்டும். 2017-இல் அதே நீதிமன்றம் எதிர்கால உயர்வுக்காக வருமானத்தோடு ஒரு பங்கைக் கூட்டச் சொன்னது. 40 வயதுக்குக் கீழே, சுயதொழில் செய்பவருக்கும், நிரந்தர வேலையில் இல்லாமல் மாறாத சம்பளம் வாங்குபவருக்கும் அது 40 சதவீதம். 15-ஐ 1.4-ஆல் பெருக்கினால் 21. 22 ஆண்டுக்கு 21 என்றால் உள்ளே இருக்கும் விகிதம் ஏறத்தாழ 0.4 சதவீதம்தான், அலாஸ்கா வழிக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. எதிர்கால உயர்வைச் சேர்க்க மறந்த ஒரு மனு எவ்வளவு இழக்கிறது என்பதற்கு இதைவிட நேரான அளவு இல்லை.

ஆனால் இந்த 15-க்குள் வட்டிக் கழிவு மட்டும் இல்லை. இடையில் வேறு நோயால் இறந்திருக்கலாம், வேலை போயிருக்கலாம் என்ற வாழ்க்கையின் நிச்சயமின்மையும் கலந்திருக்கிறது. எனவே அட்டவணைப் பெருக்கெண்ணை எடுத்துக்கொண்டு, அதற்கு மேல் "நிச்சயமின்மைக்கு 10 சதவீதம் கழிக்கிறோம்" என்று யாராவது எழுதினால் அது இரட்டைக் கழிவு. நாமே வட்டி விகிதத்திலிருந்து பெருக்கெண்ணைக் கட்டினால்தான் நிச்சயமின்மையைத் தனியாகக் கழிக்க வேண்டும். அதை வட்டி விகிதத்துக்குள் திணித்து, "ஆபத்துக்காக இன்னும் 2 சதவீதம்" என்று ஏற்றுவதும் தவறு. வட்டி விகிதம் ஆண்டுக்கு ஆண்டு கூட்டாகப் பெருகுவது. அதை ஏற்றினால் 20-ஆம் ஆண்டின் சம்பளம் முதல் ஆண்டைவிடப் பலமடங்கு வெட்டுப்படும். வேலை போகும் வாய்ப்பு அந்த வடிவில் கூடுவதில்லை.

தனியாகக் கழிக்கும்போது பெரும்பாலோர் விழும் குழி வேறு. விபத்துக்கு முன் அவர் எந்த ஆண்டிலும் வேலையில் இருக்கும் வாய்ப்பு 90 சதவீதம் என்று எடுத்துக்கொள்வோம். உடனே 3.6-ஐ 0.9-ஆல் பெருக்கி 3.24 என்று முடித்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் கிடங்கு வேலையும் அதே 90 சதவீதம் உறுதியானது என்று ஒப்புக்கொண்டதாகிறது. விரலில்லாத கையோடு 50 வயதில் அந்த வேலை போனால் அடுத்த வேலை கிடைப்பது அவ்வளவு எளிதா? ஊனமுற்றவர் வேலையில் நீடிக்கும் வாய்ப்பு குறைவு. இழப்பீட்டுப் பெருக்கெண்களுக்காக இங்கிலாந்தில் 1984 முதல் வெளிவரும் ஆக்டன் அட்டவணைகளின் இன்றைய பதிப்புகளில் ஊனமுற்றோருக்கும் மற்றவர்களுக்கும் தனித்தனிக் குறைப்பெண்கள் இருப்பது இதனால்தான். நம் உதாரணத்துக்கு அதை 65 சதவீதம் என்று வைப்போம். 6 லட்சத்தில் 90 சதவீதம் 5.4, 2.4 லட்சத்தில் 65 சதவீதம் 1.56. வித்தியாசம் 3.84 லட்சம். நிச்சயமின்மையைச் சேர்த்தபின் இழப்பு குறையவில்லை, கூடியிருக்கிறது. ஒற்றைக் கழிவில் 53.5 லட்சம் வந்திருக்கும், இரட்டை வரிசையில் 63.4 லட்சம் வருகிறது. ஏறத்தாழ 10 லட்சம் ஒரே ஒரு பெருக்கலை எங்கே போடுகிறோம் என்பதில் இருக்கிறது.

விரிதாளில் இதைச் சரிபார்க்க ஒரே வரி போதும், விடை லட்சத்தில் வரும்:

```
=PV(1.07/1.05-1, 20, -3.84)
```

அடுத்தது வரி. வருமானத்தை வரி போக எடுத்தோம். ஆனால் மொத்தத் தொகையை வைத்திருக்கும் 20 ஆண்டும் அதன் வட்டிக்கு வரி கட்ட வேண்டிவந்தால்? வட்டியில் 20 சதவீதம் வரியாகப் போனால் 7 சதவீதம் 5.6 ஆகிவிடும். 1.056-ஐ 1.05-ஆல் வகுத்தால் நிகர விகிதம் 0.57 சதவீதம்தான். பெருக்கெண் 18.85, தொகை 72.4 லட்சம். வரியை ஒரு பக்கம் மட்டும் பார்த்திருந்தால் 9 லட்சம் குறைந்திருக்கும். எந்த வட்டிக்கு எவ்வளவு வரி என்பது நாட்டுக்கு நாடு வேறு, முதலீட்டின் வகைக்கும் வேறு. எனவே அறிக்கையில் 7 சதவீதம் என்று இருக்கும் இடத்தில் அது வரிக்கு முன்னா பின்னா என்பதை ஒரு சொல்லில் எழுதச் சொல்லிக் கேட்க வேண்டும்.

சம்பளம் மாதாமாதம் வருவது, நாம் ஆண்டு இறுதியில் வருவதாகக் கணக்குப் போட்டோம். ஆண்டின் நடுவில் வருவதாக மாற்றினால் 1.9 சதவீத விகிதத்தில் தொகை 1 சதவீதத்துக்குள் கூடும். இதற்காக நீதிமன்றத்தில் அரைநாள் வாதாடுவதில் பொருளில்லை.

வாதாட வேண்டியது எதில் என்பது ஆளின் வயதைப் பொறுத்தது. 63.4 லட்சத்தில் நிகர விகிதம் 1 சதவீதப் புள்ளி ஏறினால் தொகை 57.6-க்கு இறங்குகிறது, 1 புள்ளி இறங்கினால் 70-ஐத் தொடுகிறது. ஓய்வுக்கு 5 ஆண்டே இருக்கும் ஒருவருக்கு அதே 1 புள்ளி ஏறினாலும் தொகை 3 சதவீதம்தான் குறையும். அவர் வழக்கில் பொருளாதார நிபுணரை விகிதம் பற்றி மணிக்கணக்காகக் குறுக்கு விசாரணை செய்வதைவிட, 60-இல் ஓய்வா 63-இல் ஓய்வா என்பதற்கு வேலையிடத்திலிருந்து ஒரு கடிதம் வாங்கிவைப்பது பலமடங்கு பெறும். 25 வயதுக்காரர் வழக்கில் நிலைமை தலைகீழ். அங்கே 35 ஆண்டு காத்திருக்கிறது, விகிதத்தின் ஒவ்வொரு கால் புள்ளியும் பணம். எதிர்த்தரப்பின் கணக்கு வந்தவுடன் அவர்கள் எழுதிய தொகையை அவர்களே எடுத்த ஆண்டு இழப்பால் வகுத்துப் பெருக்கெண்ணைக் கண்டுபிடியுங்கள். பிறகு எத்தனை சதவீதத்தில் அந்தப் பெருக்கெண் வரும் என்று RATE கட்டளையால் பின்னோக்கிப் பாருங்கள்:

```
=RATE(20, -3.6, 38.1)
```

இதற்கு 7 சதவீதம் என்று விடை வந்தால், ஊதிய உயர்வு எங்கே போயிற்று என்ற கேள்வியிலிருந்து குறுக்கு விசாரணையைத் தொடங்கலாம்.